நாற்பத்தோராம் இலக்கக் கூறை

படத்துக்குள் நான் வருவதில்லை. வட்ட விளக்கின் வெளிச்சம் முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, மடியில் கொப்பி, இடதுகையில் கைபேசி, வலதுகையில் பேனா. அதுதான் என் இடம். வெளிச்சத்துக்குள் அவள் நிற்பாள், மேல்மாடித் தங்கச்சி. இரத்த உறவு ஒன்றுமில்லை. இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில் ஒரே படிக்கட்டைப் பத்து வருடம் ஏறி இறங்கினால், ஒரே வாளியை மாறி மாறி இரவல் வாங்கினால், உறவு தானாக வந்துவிடுகிறது.

ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்து விரித்து அவளுடைய தோள்மூட்டு ஒருநாள் மேலே எழும்ப மறுத்தது. அதன்பிறகு சேலை விற்க வந்தாள். கடை இல்லை. கடைக்கு வாடகை கொடுக்க வழியும் இல்லை. தன் வீட்டு முன்னறையில் இரண்டு இரும்புக் கொடி, ஒரு விளக்கு, ஒரு தாங்கி. வியாழன் பின்னேரமும் ஞாயிறு பின்னேரமும் நேரலை. வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கிற பொழுதுகள் அவைதான். ஓய்வு கிடைக்காதவர்கள் சிஞ்ஞோரா என்கிற எஜமானி அம்மாவின் வீட்டில் ஒரு காதில் குமிழை மாட்டி, தலைமுடியால் மறைத்து, ஸ்திரிக்கைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே பார்ப்பார்கள். பலேர்மோவில் மட்டும் இல்லை. பாரிஸில், சூரிச்சில், லண்டனில், கனடாவில். கைபேசியின் மூலையில் ஒரு கண் படம், அதற்குப் பக்கத்தில் ஓர் எண். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கு அது கணக்கு. அந்த எண் ஏறும்போது அவளுடைய குரலும் ஏறும்.

எங்களிடம் மூன்று கைபேசிகள். தாங்கியில் நிற்பது படம் பிடிக்கும். என் கையில் இருப்பது அவளுடைய பக்கத்தைக் காட்டும். வருகிற கொமெண்டுகளும் உட்பெட்டியும் என் பொறுப்பு. மூன்றாவது அவளுடைய சொந்தக் கைபேசி, வங்கிக் கணக்கு அதில்தான் திறக்கும். அதை மேசையில் கவிழ்க்காமல் வைத்திருப்போம். காசு வந்தால் ஒரு முறை மினுங்கும். மூன்றிலும் சத்தம் இருக்கக்கூடாது. என் கைபேசியின் ஒலியைத் தவறித் திறந்தால் பதினைந்து விநாடி பிந்திய அவளுடைய குரல் அவளையே துரத்திக்கொண்டு வரும். பார்ப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

அந்தப் பதினைந்து விநாடி பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இங்கே சேலையை விரிப்பது அங்கே அப்போதே தெரிவதில்லை. கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும். அதனால் விலையைச் சொல்லிவிட்டு அவள் வாயை மூடுவதில்லை. முந்தானையைப் பற்றி, கரையைப் பற்றி, தன் தோள்மூட்டைப் பற்றி, பல்லாரோச் சந்தையில் அன்றைக்குக் கத்தரிக்காய் விற்ற விலையைப் பற்றி ஏதாவது கதைத்துக்கொண்டே இருப்பாள். பிறகு கொமெண்டுகள் வந்து கொட்டும். ஒவ்வொரு சேலையிலும் ஓர் இலக்கம் குத்தியிருக்கும். வேண்டுமென்றால் இலக்கத்தை எழுதிப் பக்கத்தில் B என்று போட வேண்டும், புக் பண்ணுகிறேன் என்பதற்கு அந்த எழுத்து. முதலில் போட்டவருக்குத்தான் உடுப்பு. இரண்டாவது ஆள் காத்திருக்கிற ஆள். இதயம், கும்பிடுகிற கை, 'விலை என்ன அக்கா', இவையெல்லாம் கணக்கில் இல்லை. வெறும் புள்ளி ஒன்றை முன்கூட்டியே போட்டுவிட்டுப் பிறகு அதைத் திருத்தி இலக்கமாக்குகிற கெட்டிக்காரிகளும் உண்டு. திருத்தினால் அதற்குக் கீழே 'திருத்தப்பட்டது' என்று சின்னதாகக் காட்டும். அவர்களைத் தள்ளிவிடுவேன்.

முதல் ஆளின் பெயரை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி உயர்த்திப் பிடிப்பேன். அவள் வாசிப்பாள். உடனே நான் உட்பெட்டியில் அந்த ஆளுக்கு விலை, தபால் செலவு, கணக்கு இலக்கம் மூன்றையும் அனுப்புவேன். இருபது நிமிடம். அதற்குள் காசு வரவேண்டும். பற்றுச்சீட்டின் படம் காசு ஆகாது. படத்தில் எதையும் எழுதலாம் என்பதை இரண்டு சேலை போன பிறகு படித்தோம். மேசைக் கைபேசி மினுங்கி, தொகை தெரிந்து, கொப்பியில் நான் சரி போட்ட பிறகுதான் சேலை பைக்குள் போகும். வராவிட்டால் காத்திருக்கிறவருக்கு.

எனக்கு அவர்களுடைய பெயர்கள் மனதில் நிற்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் வைக்கிற படங்கள்தான் நிற்கின்றன. பூனைப் படக்காரி எப்போதும் விலை குறைக்கச் சொல்வாள். முருகன் படக்காரி புக் பண்ணுவாள், காசு போடமாட்டாள். செவ்வந்திப் பூப் படக்காரி எழுதுவதில்லை, பார்த்துக்கொண்டிருப்பாள், எப்போதாவது ஒரு கும்பிடுகிற கை. கடல் படக்காரியை மட்டும் எனக்கு நேரில் தெரியும்.

அவளைக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் சந்தித்தேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடிய முன்னரே போய் நிற்கிற வரிசை. என் குடையின் கீழ் அவளும் நின்றாள், அவளுடைய ரொட்டியில் பாதியை நானும் தின்றேன். கடற்கரைப் பக்கத்துக் கால்சாவில், வெளியே பூசித் திருத்திய ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில், எழுந்து நடக்கமுடியாத ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறாள். வெளியே வருவது வியாழன் பின்னேரம் மட்டும். ஞாயிறு சிஞ்ஞோராவின் பிள்ளைகள் வந்தால் வெளியே வரலாம், பிள்ளைகள் வருவதில்லை. இந்தக் கூறை விற்ற ஞாயிற்றுக்கு இரண்டு கிழமை முன்னர் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, கூறை ஏதும் வந்தா எனக்கு ஒருக்காச் சொல்லுவியளோ?"

"ஆருக்கு? உன்ரை பெட்டைக்கு இப்பதானே பன்னிரண்டு."

"எனக்குத்தான்." சிரித்தாள். "எங்கடை கலியாணம் இஞ்சை கொமூனேக் கந்தோரிலை நடந்தது. ஒரு பச்சைக் கோட்டு. குளிர். கையெழுத்து வைச்சிட்டு வெளியிலை வந்து ஆளுக்கொரு கோப்பி. அவர் அப்ப சொன்னவர், பிறகு கூறை எடுத்துக் கோயிலிலை செய்வம் எண்டு. பதினாறு வருசமாப் பிறகு பிறகு எண்டு போச்சு. அவரைக் கேட்டுக் களைச்சுப்போனன். நானே வாங்கப்போறன்."

எங்கள் பக்கத்தில் கலியாணக் கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. தனக்குத்தானே கூறை எடுக்கிற பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. அவள் சொன்னதை நான் மேல்மாடித் தங்கச்சிக்குச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

கூறை வந்தது. ஒன்றே ஒன்று. அரக்குச் சிவப்பு, உடல் முழுக்கப் பொற்கட்டம், தூக்கினால் கை தாழ்கிற பாரம். இலக்கம் நாற்பத்தொன்று. அப்படி ஒன்றை அவள் அதுவரை எடுத்து வைத்ததில்லை. தன் மூன்று மாதத்து மீதியை அதில் போட்டிருந்தாள். வியாழன் நேரலையிலேயே மடிப்பைக் காட்டிச் சொல்லிவைத்தாள்: ஞாயிறு வாங்கோ, ஆனால் ஆறு மணிக்குப் பிறகுதான் விரிப்பன். எல்லாருக்கும் விளங்கியது. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலம். சாதாரணச் சேலை விற்கலாம். கூறையை அந்த நேரத்தில் யார் விரிப்பார்கள், யார் காசு கொடுப்பார்கள்.

ஞாயிறு ஆறு ஐந்துக்கு விரித்தாள். விளக்கு பொற்கட்டங்களில் விழுந்து சுவரெல்லாம் சிறு சிறு சதுரங்களாக நடுங்கியது. கண் படத்துக்குப் பக்கத்து எண் அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது.

"பாருங்கோ, பாருங்கோ. தொட்டுப் பாக்க உங்களாலை ஏலாது, நான் தொட்டுச் சொல்லுறன். இது சேலை இல்லை பிள்ளையள், இது பாரம். முந்நூற்றெண்பது யூரோ. தபால் என்ரை. இதைக் குறைச்சுக் கேக்கிற ஆக்கள் பூனையெண்டாலும் புலியெண்டாலும் இண்டைக்குப் பேசாமல் இருங்கோ."

கொமெண்டுகள் கொட்டின. முதலில் செவ்வந்தி: 41 B. அதற்கு அடுத்த வரியில், கண் இமைக்கிற இடைவெளியில், கடல்: 41 B. மூன்றாவது பாரிஸ்காரி. செவ்வந்தியின் பெயரை எழுதி உயர்த்தினேன். அவள் வாசித்தாள். உட்பெட்டியில் கணக்கு இலக்கம் அனுப்பினேன். கொப்பியில் எழுதினேன்: ஆறு ஏழு.

கடலுக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை. அவள் எனக்கு ஒன்று அனுப்பினாள். 'விரல் வழுகிட்டுது அக்கா. அதாலை பிந்திட்டன்.'

ஆறு பன்னிரண்டுக்கு செவ்வந்தியிடமிருந்து உட்பெட்டியில் ஒரு குரற்செய்தி வந்தது. ஒரு நிமிடமும் சொச்சமும். வயதான பெண்கள் எழுதமாட்டார்கள், கண்ணாடி தேட வேண்டும், கதைத்து அனுப்புவார்கள். நேரலை நடக்கும்போது குரற்செய்தியைக் கேட்க முடியாது. அறையில் ஒலித்தால் அது எல்லா வீடுகளுக்கும் போகும். அதனால் வழக்கமாக நான் கைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவேன், காதோடு ஒட்டிக் கேட்பேன், திரும்பி வருவேன். அரை நிமிட வேலை. இருபது நிமிடம் முடிகிறபோது 'அக்கா இருக்கிறியளோ?' என்று ஒரு வரியும் அனுப்புவேன், இன்னும் ஐந்து நிமிடம் விடுவேன். எழுதாத விதி அது. பால் பொங்கியிருக்கலாம், பிள்ளை விழுந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் குசினிக்குப் போகவில்லை. அந்த வரியையும் அனுப்பவில்லை. செய்தி திறக்கப்படாமல் கிடந்தது, பக்கத்தில் நீலப் புள்ளியோடு. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் கொமெண்டில் இல்லை, மணிக்கூட்டில் இருந்தது. ஆறு இருபத்தேழுக்காக நான் காத்திருந்தேன். பச்சைக் கோட்டு ஒன்று என் கண்ணுக்குள் நின்றது.

ஆறு இருபத்தேழுக்குக் காகிதத்தில் எழுதினேன்: 41 காசு வரேல்லை, அடுத்த ஆள்.

தங்கச்சி கண்ணால் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என்னை நம்பி வாசித்தாள்.

"நாற்பத்தொண்டு கைவிட்டுப் போச்சு. முதல் ஆள் காசு போடேல்லை. அடுத்த ஆளுக்கு வாழ்த்துக்கள்."

கடலுக்குக் கணக்கு இலக்கத்தை அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் மேசைக் கைபேசி மினுங்கியது. முந்நூற்றெண்பது. கடல். சரி போட்டேன். கூறையை மடித்துப் பையில் வைத்து இலக்கத்தைக் குத்தினேன். வியாழன் வந்து எடுப்பாள், தபாலுக்குப் போகத் தேவையில்லை. உள்ளுக்குள் ஏதோ சரியாகச் செய்துவிட்ட மாதிரி ஒரு இளஞ்சூடு. அந்தச் சூட்டை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

ஏழு மணி கடந்து ஒரு நிமிடம். தங்கச்சி பருத்திச் சேலை ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். மேசைக் கைபேசி மினுங்கியது. முந்நூற்றெண்பது. யாருடையது என்று நான் பார்ப்பதற்குள் கொமெண்டில் செவ்வந்தி வந்துவிட்டது. இதற்கு முன்னர் அவள் இத்தனை எழுத்து எழுதியதில்லை.

'தங்கச்சி 41 காசு போட்டாச்சு. கிடைச்சுதோ?'

எனக்கு முன்னால் மற்றவர்கள் பதில் எழுதினார்கள். 'அது வித்துப்போச்சே.' 'அப்பவே அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு.' 'காசு வாங்கிப்போட்டோ வித்தவை?' 'ஒரு கூறையை ரெண்டு பேருக்கு விக்கினம் போலை.' 'நல்ல யாவாரம்.' கொமெண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஓடின. தாங்கியில் நிற்கிற கைபேசியின் திரையில் தங்கச்சிக்கும் அவை தெரிந்தன. உதறிய சேலை கையில் நின்றது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு பதினைந்து விநாடி பிந்தி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள். என்னெண்டு பாத்துச் சொல்லுறன். ஓடிப்போறதுக்கு எனக்கு இடமில்லை, இஞ்சை அஞ்சாம் மாடி, லிஃப்டும் இல்லை."

நேரலையை நிறுத்தினாள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

குரற்செய்தியைத் திறந்தோம். அமைதியான, கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல்.

"தங்கச்சி, கூறை எனக்குத்தான். மூத்தவனுக்குக் கலியாணம். நான் லண்டனிலை இருக்கிறன். இஞ்சை இப்ப அஞ்சேகாலாகப்போகுது, ராகுகாலம் நிக்குது. உங்களுக்கு முடிஞ்சிட்டுது, எங்களுக்கு முடியேல்லை. ஆறு அடிச்ச உடனை காசு போடுறன், ஒரு நிமிசமும் பிந்தமாட்டன். ஒருத்தருக்கும் குடுத்திடாதையுங்கோ. ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதிவிட்டாக் காணும்."

ஒரு மணித்தியாலம். எங்களுக்கும் லண்டனுக்கும் இடையில் எப்போதும் நிற்கிற அந்த ஒரு மணித்தியாலத்தை எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அங்கே இருக்கிற சொந்தக்காரருடன் கதைக்கும்போது தெரியும். ராகுகாலத்துக்கு மட்டும், சுவரில் தொங்குகிற கலண்டரில் அச்சடித்த நாலரையும் ஆறும் உலகத்துக்கே பொது என்று இருவரும் நம்பியிருந்தோம்.

தங்கச்சி அவளை அழைத்தாள். சத்தத்தைத் திறந்துவைத்தாள்.

"அம்மா, எங்கடை பிழைதான். காசை இப்பவே திருப்பிப் போட்டுவிடுறன். இந்த நிமிசமே."

"வேண்டாம்."

"அம்மா..."

"பிள்ளை, நான் நேரம் பாத்துப் போட்ட காசு அது. கூறைக்கெண்டு கையாலை போன காசு திரும்பி வீட்டுக்கு வந்தால் அது ஆருக்குக் கூடாது தெரியுமோ? என்ரை பிள்ளைக்கு. நீ காசைத் திருப்பிப் போடாதை. எனக்குக் கூறையைத் தா."

"அது மற்றவ காசு போட்டிட்டா அம்மா."

"நான் முதல் ஆள். என்ரை பேரை நீ வாசிச்சனீ. நான் சொல்லியும் அனுப்பினனான். நீ அதைக் கேக்கேல்லை." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "ரெண்டு வருசமா உன்ரை ஒரு நேரலையும் நான் விடுறேல்லை பிள்ளை. நீ களவெடுக்கிற ஆள் எண்டு நான் சொல்லமாட்டன். மற்றச் சனம் சொல்லும்."

சொன்னது. அன்றிரவுக்குள் அந்தப் பின்னேரம் புக் பண்ணிய ஐந்து பேர் 'வேண்டாம் அக்கா' என்று எழுதினார்கள். தெரிந்த பெண்கள் கூடுகிற கைபேசிக் குழுவொன்றில் எங்கள் கொமெண்டுகளின் படம் சுற்றியது. இந்த வியாபாரத்தில் கண்ணாடி அலுமாரியும் பெயர்ப்பலகையும் இல்லை. காணாத ஒருத்திக்கு முன்கூட்டியே காசு போடுகிற நம்பிக்கை ஒன்றுதான் கடை. அது போனால் அவளுக்கு மறுபடி ஹோட்டல் கட்டில்கள், அந்தத் தோள்.

நான் தங்கச்சிக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். குவெஸ்தூரா வரிசை, பச்சைக் கோட்டு, திறக்காத நீலப் புள்ளி, அனுப்பாத ஒரு வரி.

அவள் விளக்கை அணைத்தாள். இருட்டில்தான் கதைத்தாள்.

"நேரம் மாறிப்போனது எங்கள் ரெண்டு பேருக்கும் பொதுப் பிழை. அது பரவாயில்லை அக்கா. ஆனா கமராவுக்குப் பின்னாலை என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டுறதை நான் வாசிக்கிறன். நம்பித்தானே உங்களை அங்கை இருத்தினனான்."

கூறைப்பை கொடியின் கீழே கிடந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை என் வேலை முடிந்து கால்சாவுக்கு நடந்தேன். வுச்சீரியாச் சந்தைக்குள்ளால் போனேன். கல்லில் முந்தைய இரவின் பியர் காய்ந்து காலில் ஒட்டியது. ஒரு மனிதன் தண்ணீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் பீச்சிய தண்ணீர் என் செருப்பை நனைத்தது, அவன் மன்னிப்புக் கேட்டான், நான் நின்று நன்றி சொன்னேன், எதற்கு என்று தெரியவில்லை. அவளுக்குச் சொல்லவேண்டியதை நடக்கும்போது பலவிதமாகக் கட்டினேன். எல்லாக் கட்டிலும் ஒரு பொய் ஒளித்துக்கொண்டிருந்தது. லண்டன் மணிக்கூட்டை மட்டும் சொல்லி நிறுத்தலாம். அது உண்மைதான், முழுசும் உண்மை இல்லை.

மாளிகையின் பின்படிக்கட்டுக்கு இறங்கி வந்தாள். கையில் இன்னும் சிஞ்ஞோராவின் சூப் வாசம். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வியாழன் வருவன்தானே அக்கா, அதுக்குள்ளை கொண்டுவந்திட்டியளோ?" என் கையைப் பார்த்தாள். வெறுங்கை. சிரிப்பு நின்றது. "குழுவிலை ஏதோ போகுது. நான் பாத்தனான். என்ரை கூறையைப் பற்றியோ?"

லண்டன் அம்மாவின் ஒரு மணித்தியாலத்தைச் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

"அப்ப அது அவவின்ரை பிழைதானே? இருபது நிமிசம் எண்டு சட்டம். நான் குளியலறைக்குள்ளை நிண்டு போட்டனான் அக்கா காசு. சிஞ்ஞோரா மணி அடிக்க அடிக்க. ரெண்டு நிமிசத்திலை போட்டனான். நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"வேறை ஆரும் ரெண்டு நிமிசத்திலை போடுவினமோ?" அதில் ஒரு பெருமை இருந்தது. பதினாறு வருடம் பிந்தியவள் அந்த ஒரு தடவை முந்தியிருந்தாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவள் கூறையை வைத்திருந்திருப்பாள், நியாயமாகத்தான். நான் மிச்சத்தையும் சொன்னேன்.

அவள் படிக்கட்டின் கம்பியைப் பிடித்தாள்.

"எனக்காகவோ செய்தனீங்கள்?"

"ஓம்."

"நான் கேட்டனானோ?"

"இல்லை."

"கூறை வந்தாச் சொல்லுங்கோ எண்டுதானே கேட்டனான். தள்ளிவிட்டுத் தாங்கோ எண்டு கேட்டனானோ?" கண் நிரம்பவில்லை, முகம் கறுத்தது. "நான் நினைச்சன் அக்கா, இதாவது எனக்கு வரிசைப்படி வந்தது எண்டு. ஆரும் இரங்கித் தரேல்லை எண்டு."

மேலே மணி அடித்தது. சிஞ்ஞோரா.

"அவவுக்கே குடுங்கோ. மாப்பிளையின்ரை தாய். எடுக்க வேண்டிய ஆள் எடுக்கட்டும்." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "என்ரை காசைத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ. எனக்குத் திரும்பி வந்தா ஒண்டும் ஆகாது. எங்கடை கலியாணம் எப்பவோ முடிஞ்சுதுதானே."

மீதிப் படிகளை அவள் ஓடி ஏறினாள். நான் வெளியே வந்து கடற்கரைப் பக்கம் போகாமல் வந்த வழியே திரும்பினேன்.

கடலின் காசு அன்றே திரும்பப் போனது. பத்து விநாடி வேலை. 'கிடைத்தது' என்று அவள் எழுதவில்லை.

வியாழன் நேரலையில் கண் படத்துப் பக்கத்து எண் பாதியாக இருந்தது. தங்கச்சி முதலில் சேலை ஒன்றையும் எடுக்கவில்லை. பொதி கட்டி, முகவரி ஒட்டி, முகவரியின் மேல் தன் கையை வைத்து மறைத்துக் காட்டினாள்.

"இது நாற்பத்தொண்டு. முதல் புக் பண்ணின அம்மாவுக்குப் போகுது. ரெண்டாவதாக் காசு போட்டவ ஒரு பிழையும் செய்யேல்லை, அவ விட்டுக் குடுத்தவ. பிழை எங்கடை. எங்கடை கலண்டரை உங்கடை வீட்டிலையும் மாட்டிப்போட்டம். இனிக் கூறை எடுக்கிற ஆக்கள் B போடேக்கை எந்த ஊர் எண்டும் போடுங்கோ, உங்கடை நேரம் பாத்துத்தான் இருபது நிமிசம் எண்ணுவம். குரலிலை அனுப்பினா, கேக்காமல் ஒண்டும் அடுத்த ஆளுக்குப் போகாது."

என்னைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கடை, எங்கடை என்றே சொன்னாள். வெளிச்சத்துக்கு வெளியே இருந்த நான் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து படத்துக்குள் போய் 'நான்தான்' என்று சொல்லக் கால் உன்னியது. அவள் படம் பிடிக்கும் கைபேசியைப் பார்த்தபடியே, ஒருவருக்கும் தெரியாமல், இடதுகையால் 'இரு' என்று காட்டினாள்.

பதினைந்து விநாடி. அவள் வழக்கம்போல் கதைத்து நிரப்பவில்லை. பிறகு ஒரு கொமெண்ட். செவ்வந்தி. கும்பிடுகிற கை ஒன்று. அதன்கீழ், கண்ணாடி தேடிப் போட்டு எழுதியிருப்பாள்: 'நல்ல நேரத்திலை அனுப்பு பிள்ளை.' அதற்குப் பிறகு பூனைப் படக்காரி: 'அப்ப இண்டைக்கு எல்லாம் குறைச்சுத் தருவியளோ?' தங்கச்சி சிரித்தாள். உண்மையான சிரிப்பு. கொடியிலிருந்து முதல் சேலையை இழுத்தாள்.

வேண்டாம் என்றவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. என்னை அவள் கதிரையிலிருந்து எழுப்பவில்லை. ஆனால் இப்போது நான் காகிதத்தை உயர்த்தினால் வாசிப்பதற்கு முன்னர் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தக் கணம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கைபேசியில் இப்போது இரண்டு மணிக்கூடு வைத்திருக்கிறேன், பலேர்மோ ஒன்று, லண்டன் ஒன்று. குரற்செய்தி வந்தால் குசினிக்கு ஓடுகிறேன். கொமெண்டுகள் ஓடுகையில் என் கண் கடல் படத்தைத் தேடுகிறது. வருவதில்லை. வியாழன் பின்னேரம் அவள் எங்கே போகிறாள் என்றும் தெரியவில்லை. எழுதாமல் பார்க்கிறவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள், அவர்களுடைய படம் மட்டும் தெரியாது. சில ஞாயிறுகளில், தங்கச்சி ஏதாவது சிவப்பை விரிக்கும்போது, எண் ஒன்றால் ஏறும். பிறகு ஒன்றால் இறங்கும்.

கொப்பியில் நாற்பத்தொன்றுக்கு நேரே, கடலின் காசுக்கு நான் போட்ட அந்த முதல் சரி இன்னும் இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.